ஸ்டார்போர்டு, போர்ட், கீல்: பாய்ப்படகில் முதல்முறை ஏறப் போகிறீர்களா?

செந்தோசா பக்கமிருந்து லாசரஸ் தீவுக்கு ஒரு பாய்ப்படகில் போய்வரலாம் என்று நண்பர் கூப்பிட்டிருக்கிறார், நீங்களும் தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாசரஸிலிருந்து திரும்பக் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் சுக்கான் பிடித்திருப்பவர் "எல்லாரும் ஸ்டார்போர்டு பக்கம் வாங்க" என்பார். நீங்கள் எழுந்து நிற்பீர்கள், ஆனால் எந்தப் பக்கம் போவது?

"வலப்பக்கம் வாங்க" என்று சொல்லித் தொலைக்கலாமே என்று தோன்றும். பாய்ப்படகில் உட்காரும் இடத்தைப் பார்த்தால் அது ஏன் சரிவராது என்று புரிந்துவிடும். இரண்டு ஓரமும் நீள பெஞ்சு, ஆட்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் கிழக்கே பார்க்கிறார்கள், பாதிப் பேர் மேற்கே, ஒருவர் திரும்பி நின்று பின்னால் தெரியும் கப்பல்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்களுடைய வலம் எனக்கு இடம். ஸ்டார்போர்டு என்பது படகுடைய வலது கை. படகின் மூக்குப் பக்கம் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் எதுவோ அது. நீங்கள் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும், தலைகீழாக நின்றாலும் அது மாறாது. போர்ட் அதற்கு எதிர்ப்பக்கம், படகின் இடது கை. ஆங்கிலத்தில் இடது என்பதற்கும் போர்ட் என்பதற்கும் நான்கே எழுத்து, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது சின்னக் கதைதான். வட ஐரோப்பாவின் பழைய கப்பல்களில் சுக்கான் இப்போதுபோல் பின்பக்கம் நடுவில் இருக்கவில்லை, வலது ஓரத்தில் கட்டிய ஒரு பெரிய துடுப்புதான் சுக்கான். கப்பலைத் திருப்பும் பக்கம் என்பதால் அது ஸ்டார்போர்டு ஆனது. நட்சத்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தத் துடுப்பு நசுங்காமல் இருக்க வேண்டுமானால் துறையில் கப்பலை இடப்பக்கமாக ஒட்டி நிறுத்தவேண்டும், சரக்கும் அந்தப் பக்கம்தான் ஏறும். அந்தப் பக்கத்துக்கு முதலில் இருந்த பெயர் லார்போர்டு. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று இரண்டையும் புயல் காற்றில் கத்திப் பாருங்கள், கேட்பவருக்கு ஒரே மாதிரி விழும். கடைசியில் 1844ல் பிரிட்டிஷ் கடற்படை இனி போர்ட் என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் பயணியாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இந்த இரண்டு சொல்லும் எதற்கு என்றால், கடலில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது முழுக்க இந்த இரண்டு பக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அது தெரிந்துவிட்டால் ஒரு படகு நேராக உங்களை நோக்கி வருவதுபோல் தெரியும்போது நெஞ்சு படபடக்காது. அல்லது, படபடக்க வேண்டிய நேரத்தில் சரியாகப் படபடக்கும்.

முதலில் எஞ்சினில் ஓடும் படகுகள். இரண்டு படகு ஒன்றையொன்று குறுக்கே கடக்கப் போகிறது என்றால், எவருடைய ஸ்டார்போர்டு பக்கத்தில் அடுத்த படகு தெரிகிறதோ அவர்தான் விலகவேண்டும். நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேருமே ஸ்டார்போர்டு பக்கம் திருப்பி, போர்ட் பக்கத்தைப் போர்ட் பக்கம் பார்க்கக் கடக்கவேண்டும். குறுகலான வழியிலும் ஸ்டார்போர்டு ஓரத்தை ஒட்டித்தான் போகவேண்டும். ஈசிபியில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய சிங்கப்பூர்க்காரருக்கு இது முதலில் உறுத்தும். கடலில் நாம் அமெரிக்கா மாதிரி ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகுதான் இந்த ஏற்பாட்டின் அழகு தெரியும். ஒவ்வொரு படகுக்கும் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. இரண்டும் சுற்றிலும் தெரிவதில்லை. நேர் முன்னாலிருந்து தொடங்கி அந்தந்தப் பக்கமாக 112.5 பாகை வரைக்கும்தான் தெரியும், அதாவது பக்கவாட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்புறம்வரை. அதனால் இருட்டில் நீங்கள் எந்த நிறத்தைப் பார்க்கிறீர்கள் என்பதே அந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லிவிடும். லாசரஸிலிருந்து பொழுது சாய்ந்தபின் எஞ்சின் போட்டுத் திரும்பி வருகிறீர்கள், வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது. சிவப்பு அதனுடைய போர்ட் பக்கம், ஆகவே அது வலமிருந்து இடமாக உங்கள் முன்னால் குறுக்கே போகிறது. உங்கள் ஸ்டார்போர்டு பக்கத்தில் இருக்கிறது, எனவே நீங்கள்தான் விலகவேண்டும். இடப்பக்கத்தில் ஒரு பச்சை தெரிந்தால் கதை தலைகீழ்: அவருக்கு உங்கள் சிவப்பு தெரிகிறது, அவர் விலகவேண்டும். சாலை சிக்னல் மாதிரியே சிவப்பைப் பார்த்தவர் நிற்கிறார், பச்சையைப் பார்த்தவர் போகிறார். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது.

இதில் பயணியாக நீங்கள் உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. தூரத்துப் படகை, நம் படகின் ஓரத்தில் கம்பி கட்டியிருக்கும் ஒரு குத்துக்காலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். நீங்கள் தலையை அசைக்காமல், நம் படகும் திசை மாறாமல் போகிறது என்றால், இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தப் படகு குத்துக்காலுக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்க வேண்டும். நகராமல் அதே இடத்தில் நின்றுகொண்டு உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் பாதையில் இருக்கிறது என்று அர்த்தம், உடனே சுக்கான்காரரிடம் சொல்லுங்கள். பாய்க்கு அந்தப் பக்கம் இருப்பது பல சமயம் அவருக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது எஞ்சினை அணைத்துப் பாயை விரிப்போம். இங்கேதான் முதல்முறை வருபவர்கள் குழம்புவார்கள், ஏனென்றால் ஸ்டார்போர்டு என்ற அதே சொல்லுக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது.

பாயில் ஓடும் இரண்டு படகுகள் சந்தித்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். காற்று ஸ்டார்போர்டு பக்கத்திலிருந்து அடித்தால் அந்தப் படகு ஸ்டார்போர்டு டாக்கில் இருக்கிறது, போர்ட் பக்கத்திலிருந்து அடித்தால் போர்ட் டாக். போர்ட் டாக்கில் இருப்பவர் ஸ்டார்போர்டு டாக்கில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே டாக் என்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலகவேண்டும்.

ஒரு ஜனவரி மதியத்தை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காற்று 12 நாட் வேகத்தில் அடிக்கிறது. செந்தோசாவின் கிழக்கு முனையிலிருந்து லாசரஸ் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. தெற்கே பார்த்துப் போகும் படகுக்கு வடகிழக்கு என்பது இடது கைப்பக்கம் பின்னால். ஆக, போகும்போது நீங்கள் போர்ட் டாக். பாயும் அதன் அடியில் இருக்கும் பூம் என்ற நீளக் கம்பமும் ஸ்டார்போர்டு பக்கம், அதாவது மேற்கே, ஒதுங்கி நிற்கும். திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று வலது கைப்பக்கம் முன்னால் வந்துவிடும். அப்போது ஸ்டார்போர்டு டாக், பூம் போர்ட் பக்கம் போய்விடும். ஆக நீங்கள் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தால், அவர் "ஸ்டார்போர்டு!" என்று உரக்கக் குரல் கொடுக்கலாம். உடனே எல்லாரும் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பக்கத்தைக் காட்டவில்லை. "நான் ஸ்டார்போர்டு டாக்கில் வருகிறேன், ஒதுங்கு" என்கிறார். பந்தயத்தில்தான் இது அதிகம் கேட்கும், ஆனால் வார இறுதியில் பாதிப் படகுகள் மனசுக்குள் பந்தயம்தான் ஓட்டுகின்றன.

எந்த டாக் என்று கண்டுபிடிக்கக் காற்றைத் தேடவேண்டியதில்லை, பூமைப் பாருங்கள். பூம் எந்தப் பக்கமோ டாக் அதற்கு எதிர்ப்பக்கம். பூமைப் பார்க்கப் பழகினால் இன்னொரு லாபமும் உண்டு, டாக் மாற்றும்போது அது தலைக்கு நேரே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து வரும். "ரெடி டு டாக்" என்று கேட்டால் செல்ஃபியை நிறுத்திவிட்டுக் குனிந்துவிடுங்கள்.

இந்த உரிமைக் கணக்கெல்லாம் நம் அளவுப் படகுகளுக்குள்தான். பாயில் ஓடும் படகுக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்ற பொதுவிதி உண்மைதான், ஆனால் குறுகலான கால்வாயில் மட்டுமே பத்திரமாகப் போகமுடிகிற கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த படகோ பாய்ப்படகோ இடைஞ்சல் கொடுக்கக்கூடாது என்பதும் விதிதான். சிங்கப்பூர் நீரிணையில் வரும் கண்டெய்னர் கப்பலிடம் நின்று உரிமை பேச முடியாது. இன்னொன்று, பாய் விரிந்திருந்தாலும் எஞ்சினும் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தால் அது எஞ்சின் படகு என்றே கணக்கு.

அப்புறம் கீல். போகும்போது லாசரஸ்வரைக்கும் படகு சமர்த்தாக நிமிர்ந்து போயிருக்கும். திரும்பும்போது அதே படகு, அதே காற்று, ஆனால் திடீரென்று இடப்பக்கம் சாய ஆரம்பிக்கும். ஐஸ் பெட்டி சரியும். போர்ட் ஓரத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடும். இந்த இடத்தில் யாராவது ஓர் அத்தை "தம்பி, கவிழ்ந்திடுமா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நியாயமான கேள்வி, இரண்டு பாதியாகப் பதில் சொல்லலாம்.

காற்று கூடிவிட்டதா? இல்லை. படகு 5 நாட் ஓடுகிறது என்று வையுங்கள். போகும்போது காற்று பின்னாலிருந்து வருவதால் நீங்கள் அதைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள், படகின் மேல் விழும் காற்று 9 நாட்தான். வரும்போது அதை எதிர்த்துப் போகிறீர்கள், 16 நாட் ஆகிவிடுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போதாததற்குப் பாயை இழுத்து நடுவில் கட்டியிருப்பதால் அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. சாயாமல் என்ன செய்யும்?

கவிழாமல் வைத்திருப்பது அடியில் தண்ணீருக்குள் இருக்கும் கீல். மரக்கப்பல் காலத்தில் கீல் என்றால் அடியில் முன்னும் பின்னும் ஓடும் முதுகெலும்புக் கட்டை, நம் கடலோரத் தச்சர்கள் ஏரா என்பார்கள். இன்றைய பாய்ப்படகில் அது ஈயத்திலோ இரும்பிலோ வார்த்து, கீழே மீன் துடுப்புபோல் தொங்கவிட்ட கனமான தகடு. ஜே24 என்று உலகம் முழுக்க ஓடும் ஒரு படகு இருக்கிறது, நீளம் 7.3 மீட்டர், எடை சுமார் 1,400 கிலோ. அதில் 430 கிலோ கீழே கிடக்கும் சுமை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடியில் இருக்கும் கனம் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது, ஆனால் சாய்ந்த உடனே அல்ல, அதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.

கணக்கு எளிதாக இருக்க அந்த 430 கிலோவும் படகு சாயும் அச்சுக்கு ஒரு மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். படகு நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் கனம் நேர் கீழே இருக்கிறது, அப்போது அதற்கு நிமிர்த்தும் சக்தியே கிடையாது. 5 பாகை சாய்ந்தால் அது பக்கவாட்டில் 9 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். 20 பாகையில் 34 சென்டிமீட்டர். 60 பாகை சாய்ந்தால் 87 சென்டிமீட்டர் தள்ளி வெளியே நிற்கும், 5 பாகையில் இருந்ததைப்போல் பத்து மடங்கு பலத்தோடு படகைத் திருப்பி இழுக்கும். காற்றின் பக்கம் நடப்பது இதற்கு நேர் எதிர். படகு சாயச் சாயப் பாயும் சாய்ந்துவிடுவதால் காற்று அதன் மேலாக வழுக்கிப் போய்விடும். தள்ளுவது குறைகிறது, நிமிர்த்துவது கூடுகிறது, ஏதோ ஒரு கோணத்தில் இரண்டும் சமமாகிப் படகு அந்தச் சாய்விலேயே நின்று ஓடும். முதலில் சட்டென்று சாய்ந்துவிட்டு அப்புறம் சாய மறுக்கிறதே என்று நீங்கள் உணர்வது இதைத்தான். அத்தையிடம் அதைச் சொன்னால் போதும்: சாய ஆரம்பிப்பது சுலபம், மேலே போகப் போகக் கஷ்டம்.

எல்லாரையும் ஸ்டார்போர்டு பக்கம் வரச் சொன்னது ஏன் என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது. 70 கிலோ ஆட்கள் இரண்டு பேர் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மேட்டுப்பக்கம் உட்கார்ந்தால், 20 பாகைச் சாய்வில் அந்த 430 கிலோ கீல் செய்கிற வேலைக்குக் கிட்டத்தட்டச் சமமாக அவர்களே செய்துவிடுகிறார்கள். சின்னச் சாய்வில் கீலைவிட நீங்கள்தான் பலசாலி. ஆகவே பயணி என்று சொல்லிக்கொண்டு நிழல் தேடிப் பள்ளத்துப்பக்கம் போய் உட்காராதீர்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அப்போது காற்று போகும் பக்கம்தான் தலையை நீட்டவேண்டும், ஸ்டார்போர்டு டாக்கில் அது போர்ட் ஓரம். மேட்டுப்பக்கம் நீட்டினால் என்னவாகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் பக்கவாட்டில் தள்ளும் காற்றோடு படகு அப்படியே நண்டுபோல் நகர்ந்து போய்விடும். தண்ணீரை அகலவாக்கில் எதிர்த்து நின்று, பக்கவாட்டுத் தள்ளலை முன்னோட்டமாக மாற்றுவது கீல்தான். ஆனால் படகு ஓடினால்தான் அது பிடிக்கும், நின்றுவிட்டால் பிடி போய்விடும். துறையை ஒட்டி மெதுவாக வரும்போது சுக்கான்காரர் பதற்றமாக இருப்பது அதனால்தான், அந்த நேரத்தில் அவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவு செய்கிற கீலின் தொல்லை, அதன் ஆழம். ஜே24க்கே 1.2 மீட்டர் தண்ணீர் வேண்டும், குடும்பத்தோடு போகிற பெரிய படகுகளுக்கு 2 மீட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். லாசரஸ் கடற்கரையில் மணல் கண்ணுக்கெதிரே தெரியும்போது ஏன் தூரத்திலேயே நங்கூரம் போட்டு ரப்பர் படகில் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு, இதற்காகத்தான். சிங்கப்பூரில் பெரிய வற்றம் ஏற்றத்துக்கு இடையே கடல் மட்டம் 3 மீட்டரை நெருங்கும் அளவுக்கு மாறும், காலையில் தாராளமாகக் கடந்த பவளத்திட்டு மாலையில் கீலைத் தட்டிவிடும்.

தட்டினால் "லேசாகத்தானே உரசியது" என்று விட்டுவிடக் கூடாது. கீலைப் படகோடு பிடித்திருப்பது வரிசையாக முடுக்கிய போல்ட்டுகள். தட்டும்போது கீலின் நுனி பின்னால் தள்ளப்பட, மேலே அதன் பின்முனை படகின் அடித்தட்டை உள்ளே குத்தும். உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் போல்ட் தலைகளைச் சுற்றித் துருக்கறை, சட்டங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல், துடைத்தாலும் திரும்ப ஊறும் தண்ணீர், இப்படி ஏதாவது இருந்தால் படகை மேலே தூக்கித்தான் பார்க்கவேண்டும். 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற பிரிட்டிஷ் படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேரும் போய்விட்டார்கள். முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் இணைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. வாடகைக்கு எடுக்கும் படகு என்றால் "சமீபத்தில் எங்காவது தட்டியிருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இவ்வளவும் அடியில் சுமை தொங்கும் பாய்ப்படகுக்குத்தான் பொருந்தும். ஈஸ்ட் கோஸ்டில் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் சின்ன ஆப்டிமிஸ்ட் படகில் நடுவில் செருகும் ஒரு பலகைதான் உண்டு. அது பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கும், நிமிர்த்தாது, அதனால் அந்தப் படகு கவிழும், பிள்ளை நீந்திப் போய் அந்தப் பலகையின் மேல் ஏறி நின்று தன் எடையால் நிமிர்த்திவிடும். சாங்கி முனையிலிருந்து 12 பேரை ஏற்றிக்கொண்டு புலாவ் உபினுக்குப் போகும் பம்போட்டிலும் ஈயம் எதுவும் தொங்குவதில்லை. அகலமான அடிப்பகுதியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதமும்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அங்கே படகோட்டி "உட்காருங்க, ஒரே பக்கம் போகாதீங்க" என்றால், ஆமை ஒன்று மிதக்கிறது என்று யார் கத்தினாலும் எழுந்து போகாதீர்கள்.